முதல் நிறுத்தம்

சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே போகும் பழைய தோட்டப் பாதை. முனையில் மாரியம்மன் கோவில், எதிரே தகரக் கூரை போட்ட ஒரு பெஞ்சு. பால்மரங்கள் போய் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. லயத்து வீடுகளில் ஏழெட்டில்தான் விளக்கு எரிகிறது. தோட்டத்துப் பள்ளியும் இல்லை. இருக்கும் பிள்ளைகள் பஸ் ஏறி ஈப்போ பக்கம் போய்ப் படிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முதலாம் ஆண்டுப் பையனின் பையைத் துழாவிய அம்மாவின் கையில் நாலாக மடித்த தாள் ஒன்று அகப்படுகிறது. மைலோ சிந்தி ஒரு மூலை பழுப்பாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை வகுப்பில் கொடுத்தது. ‘பெற்றோர் கவனத்திற்கு’ என்று தொடங்குகிறது.

திங்கள் முதல் புதிய கால அட்டவணை. அரை மணி நேரப் பாடவேளை ஒன்று கூடுகிறது. அதில் பாதியைக் காலையிலும் பாதியை மதியத்திலும் சேர்த்திருக்கிறார்கள். 7.45க்கு அடித்த மணி இனி 7.30க்கு. ‘எனவே பள்ளிப் பேருந்து எல்லா இடங்களிலும் 20 நிமிடம் முன்னதாக வரும்.’ கீழே கையெழுத்து, முத்திரை. அவ்வளவுதான்.

அம்மா விரல் விட்டு எண்ணுகிறாள். 6.15லிருந்து இருபதைக் கழித்தால் 5.55.

“மணி பதினஞ்சு நிமிஷந்தானே முன்னுக்குப் போச்சு, பஸ் ஏன் இருபது?” என்று பாட்டி கேட்கிறாள்.

பஸ்காரருக்குப் போன் போகிறது. “திங்கக்கிழமை சபைகூடல் இருக்கு தங்கச்சி. மணி அடிக்கிறதுக்குள்ள பிள்ளைங்க வரிசைல நிக்கணும். இன்னும் அஞ்சு நிமிஷம் கையில வச்சுக்கிட்டாத்தான் சரியா வரும்.” அவர் சொல்வது நியாயம்தான். நாலு இடத்தில் நின்று ஏற்றுகிறவருக்கு, ஒரு வீட்டில் காலணி தேடினாலே இரண்டு நிமிடம் போய்விடும்.

“திரும்பி எத்தனை மணிக்கு அண்ணே?”

அது தாளில் இல்லை. சின்ன வகுப்புகளை 1.00 மணிக்கு விடுகிறார்கள், பெரிய வகுப்புகளை 1.30க்கு. பஸ் ஒரே நடைதான் வரும். அண்ணன் அக்கா வரும்வரை சின்னவர்கள் வாசலில் காத்திருக்க வேண்டும். காலையில் முதலில் ஏறும் பிள்ளை மதியம் கடைசியாகத்தான் இறங்கும்; தோட்டத்துக்கு வர 2.40 ஆகிவிடும். அம்மா தாளின் ஓரத்தில் பென்சிலால் ‘2.40’ என்று எழுதுகிறாள். எட்டே முக்கால் மணி நேரம். ஏழு வயசுப் பிள்ளைக்கு.

எல்லாருக்கும் அதே இருபது நிமிடம் என்று கணக்கு சொல்லலாம். சிம்மோர் தாமானில் ஏறும் பிள்ளைக்கு 6.55 என்பது 6.35 ஆகிறது. தெருவிளக்கு இருக்கிறது, வீட்டு வாசலிலேயே பஸ் நிற்கிறது. இங்கே பிள்ளையை எழுப்பும்போதே மணி ஐந்து. இரண்டும் ஒன்றாகாது.

இருட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1982 ஜனவரி 1 அன்று சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்க, தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளினார்கள். சூரியன் அதே இடத்தில்தான் உதித்தது. மணி மட்டும் மாறிவிட்டது. அதனால் ஜனவரி, பிப்ரவரியில் பேராக்கில் பொழுது விடிய 7.30 ஆகிறது. 5.55 என்பது நடுராத்திரியின் தொடர்ச்சிதான்.

திங்கட்கிழமை. 5.45க்கே பாட்டி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பேரன் தலை. ஒரு காலத்தில் இந்த நேரம் அவளுக்குப் பெரட்டு நேரம். வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்று, நெற்றி விளக்கோடு மரம் மரமாக நடந்தவள். இப்போது டார்ச் கையில் இருக்கிறது. பனைக்குள் ஏதோ சரசரக்கும்போதெல்லாம் வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்புகிறாள்.

இன்னொரு வீட்டில் தாளைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. கதவு சாத்தியே இருக்கிறது.

5.53க்கு இரண்டு முகப்பு விளக்குகள் பாதையில் திரும்புகின்றன. பஸ்காரர் இறங்கிப் பையனைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைக்கிறார். மூடிய கதவைப் பார்க்கிறார். ஹாரன் அடிக்கவில்லை. பாட்டி ஓடிப்போய்த் தட்டுகிறாள். 5.58. 6.01. சீருடை பொத்தான் பாதி போட்ட சிறுமி ஒருத்தி வெறுங்காலோடு வருகிறாள், காலணி கையில்.

அறிக்கை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘20 நிமிடம் முன்னதாக’ என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும், ஏறும் மணியையும், இறங்கும் மணியையும் எழுதுங்கள். ஒரு வாரம் முன்னால் கொடுங்கள். அனுப்புவதற்கு முன் முதல் நிறுத்தத்தில், அந்த மணிக்கு, ஒருமுறை வந்து நின்று பாருங்கள்.

பஸ் கந்தானைத் தாண்டும்போது சிமெண்ட் ஆலை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பையன் தூங்கிவிட்டான்.