குரல் எங்கே திரும்புகிறது?

நவம்பர் பிறந்துவிட்டால் சென்னையின் சர்ச் கொயர்களில் புதுமுகங்கள் வரத் தொடங்கும். கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகைக்கு ஆள் சேர்க்கும் காலம் அது. கொயர் மாஸ்டர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பார்ட் பாடுவீங்க?" சிறு வயதில் கர்நாடக சங்கீதம் கற்ற பெண்ணாக இருந்தால் பதில் பெரும்பாலும் தயாராக இருக்கும். "ஆல்டோ சார். எனக்கு மேல போகாது."

அவர் சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. அவருடைய சுருதி ஐந்து கட்டை என்று வைத்துக்கொள்வோம். பியானோவில் அது ஜி. அவர் பாடும் மத்திய ஸ்தாயி ஸட்ஜம், விசைப்பலகையின் நடுவில் இருக்கும் சி-க்குக் கீழே உள்ள ஜி. அங்கிருந்து மந்திர பஞ்சமத்துக்கு இறங்கி, தார பஞ்சமம் வரை ஏறிப் பழகியிருப்பார். கைபேசியில் டியூனர் செயலியைத் திறந்துவைத்துப் பாடினால், இந்த இரண்டு ஸ்தாயியும் திரையில் D3 முதல் D5 வரை என்று தெரியும். கொயரில் ஆல்டோ பார்ட் சுமாராக G3 முதல் D5 வரை ஓடும். இரண்டும் அழகாகப் பொருந்துகின்றன. ஆகவே அவர் ஆல்டோ.

இந்த முடிவு பல நேரம் தவறு. சோப்ரானோ பார்ட் C4-இல் தொடங்கி A5 வரை போகும். D5-க்கு மேலே உள்ள அந்தச் சில சுரங்களை இவர் வாழ்நாளில் ஒருமுறைகூட முயன்று பார்த்ததில்லை. கச்சேரி மரபில் பெண்கள் பெரும்பாலும் கனமான மார்புக்குரலிலேயே பாடுகிறார்கள். அதை விட்டு மெலிந்த தலைக்குரலுக்குத் தாவினால், "கள்ளக்குரல் வேண்டாம்" என்று ஆசிரியர் தடுத்துவிடுவார். அந்த மரபுக்கு அது சரியான பயிற்சிதான். ஆனால் அதை மட்டுமே வைத்துக்கொண்டு ஒருவருடைய குரல் இன்ன வகை என்று சொல்லிவிட முடியாது. பழகிய எல்லைதான் அதில் தெரிகிறது. குரலின் எல்லை இன்னும் சோதிக்கப்படவே இல்லை.

நான்கு பார்ட்டுக்கும் உள்ள எல்லைகள் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். சோப்ரானோவும் ஆல்டோவும் மேலே சொன்னவை. டெனர் C3 முதல் A4 வரை, பாஸ் E2 முதல் E4 வரை. புதிதாக வருபவர் இந்த எண்களைப் பார்த்துவிட்டுத் தன்னால் தொட முடிகிற மிக உயர்ந்த சுரத்தையும் மிகத் தாழ்ந்த சுரத்தையும் தேடிப் போகிறார். அனுபவமுள்ள கொயர் மாஸ்டர் தேடுவது வேறு இரண்டை. குரல் கீழிருந்து மேலே போகும்போது எந்த இடத்தில் தன் தன்மையை மாற்றிக்கொள்கிறது என்பது ஒன்று. எந்தப் பகுதியில் களைப்பில்லாமல் நீண்ட நேரம் தங்க முடிகிறது என்பது மற்றொன்று. தொடுவது ஒருநாள் முடியும், மறுநாள் முடியாமல் போகும். திரும்பும் இடம் அவ்வளவு எளிதில் மாறாது.

ஒரு சோதனையை முழுதாகப் பார்க்கலாம். வந்திருப்பவருக்கு இருபதை ஒட்டிய வயது. நேரம் மாலை. காலையில் இந்தச் சோதனையை நல்ல மாஸ்டர் யாரும் செய்வதில்லை. தூங்கி எழுந்ததும் குரல்நாண்கள் சற்று உப்பியிருக்கும், கீழ்ச் சுரங்கள் தாராளமாக வரும், மேலே போகாது. சளி பிடித்திருந்தாலும் இதே கதைதான். அந்த நிலையில் எல்லாரும் ஆல்டோவாகவும் பாஸாகவும் தெரிவார்கள்.

முதலில் சில நிமிடம் வாய்மூடி ஹம்மிங். பிறகு C4-இலிருந்து 'ஆ' என்று ஐந்து சுரம் இறக்கம், ஒவ்வொரு தடவையும் அரைச் சுரம் கீழே. G3 வரை குரல் தெளிவாக இருக்கிறது. F3-இல் சுரத்தைவிடக் காற்றுதான் அதிகம் கேட்கிறது. மாஸ்டர் தாளில் G3 என்று குறித்துக்கொள்கிறார். காற்றாக வந்தது கணக்கில் சேராது.

அடுத்து ஏற்றம். அதே 'ஆ', அதே ஐந்து சுரம். G4 வரை சிரமமில்லை. A4-இல் மோவாய் மெல்ல உயர்கிறது, கழுத்தின் இரு பக்கமும் நரம்பு தெரிகிறது, சத்தம் கூடுகிறது. B4-இல் குரல் உடைகிறது. "அவ்வளவுதான் சார்" என்று அவர் நிறுத்திக்கொள்கிறார்.

பெரும்பாலான சோதனைகள் இங்கே முடிந்துவிடுகின்றன, ஆல்டோ வரிசையில் ஒரு நாற்காலியும் போடப்படுகிறது. இந்த மாஸ்டர் அப்படி விடவில்லை. "சத்தம் வேண்டாம். 'ஊ'ன்னு மெதுவா, மேலேயிருந்து கீழே வழுக்கிட்டு வாங்க" என்கிறார். கீபோர்டில் E5-ஐத் தொட்டுக் காட்டுகிறார். அந்தப் பெண் தயங்கிவிட்டு 'ஊ' என்கிறார். மெலிதாக, கொஞ்சம் அந்நியமாக, ஆனால் பிசிறில்லாமல் E5 வருகிறது. சற்று முன் B4-இல் உடைந்த அதே குரல்தான். அங்கிருந்து இறங்கி வரும்போது B4-ஐயும் A4-ஐயும் உடையாமல் கடந்துவிடுகிறது. F4-ஐ நெருங்கும்போதுதான் கனம் கூடி மார்புக்குரலாகிறது.

இப்போது இரண்டு செய்திகள் கையில் இருக்கின்றன. B4-இல் நடந்த உடைவு அவருடைய எல்லை அல்ல. F4-க்குப் பக்கத்திலேயே விட்டுவிட வேண்டிய மார்புக்குரலை அவர் பலவந்தமாக அவ்வளவு தூரம் இழுத்துப் போயிருக்கிறார், அதுதான் அறுந்தது. இரண்டாவது, அதற்கு மேலே இன்னொரு குரல் பயன்படுத்தப்படாமல் கிடக்கிறது. 'ஊ'விலேயே தொடர்ந்து ஏற்றிப் பார்த்தால் F5, G5 கிடைக்கின்றன. F5-இல் மீண்டும் ஒரு நெருடல். பெண்குரலில் பொதுவாக இப்படி இரண்டு திருப்பங்கள் உண்டு. மேலேயுள்ள திருப்பம் சோப்ரானோவுக்கு F5-க்குச் சற்று மேலும், அதைவிடக் கனமான மெஸோ குரலுக்கு E5-ஐ ஒட்டியும் இருக்கும். வித்தியாசம் ஒரு முழுச் சுரம்தான். அதனால் ஒரே மாலையில் அடித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

மிச்சமிருப்பது தங்கும் சோதனை. இதற்குச் சாதாரண ஞானப்பாட்டுகள் உதவுவதில்லை. 1551-ஆம் ஆண்டின் ஜெனிவா சங்கீதப் புத்தகத்தில் வந்த 'ஓல்ட் ஹண்ட்ரட்' மெட்டை ஜி-யில் பாடினால், சோப்ரானோ பாடும் மெட்டே D4 முதல் D5 வரைக்குள் அடங்கிவிடும். ஐந்து கட்டைப் பெண்ணுக்கு அது வீட்டு முற்றம். ஹாண்டெலின் 'மெசையா'வில் வரும் அல்லேலூயா கோரஸ்தான் உரைகல். அதன் பிற்பகுதியில் சோப்ரானோக்கள் D5, E5, F5-க்கு அரைச் சுரம் மேல், G5 என்று ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் நீட்டிப் பிடித்து நிற்க வேண்டும். G5-ஐ ஒரு நொடி தொடுவது வேறு, சுற்றிலும் மூன்று பார்ட்டும் முழங்கிக்கொண்டிருக்கும்போது அங்கே நிற்பது வேறு. பத்து நிமிடம் இந்தப் பகுதியைப் பாடவைத்துவிட்டு மாஸ்டர் பேச்சுக் கொடுக்கிறார். எந்த ஊர், எங்கே வேலை என்று. பதிலில் கரகரப்பு இருந்தால் அந்த உயரம் இப்போதைக்கு அவருக்கில்லை. பேச்சு முன்போலவே தெளிவாக இருந்தால் மேலே இடமிருக்கிறது.

இந்தப் பெண்ணின் பேச்சில் லேசான களைப்பு தெரிந்தது, கரகரப்பில்லை. மாஸ்டர் அவரை இரண்டாம் சோப்ரானோவில் உட்காரவைத்தார். பெண்குரல்கள் மூன்றாகப் பிரியும் இடங்களில் நடுவில் வரும் பார்ட் அது. தலைக்குரல் பழகப் பழக மேலே அனுப்பலாம், பழகாவிட்டால் ஆல்டோவுக்கு மாற்றலாம். இது நியாயமான முடிவு. நியாயமில்லாத ஒன்றும் கொயர்களில் அடிக்கடி நடக்கிறது: யாருக்கு நொட்டேஷன் நன்றாக வாசிக்கத் தெரியுமோ அவரை ஆல்டோவில் போட்டுவிடுவது. மெட்டு காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே வேறொரு வரியைப் பிடித்துப் போகும் திறமை ஆல்டோவுக்குத் தேவை என்பது உண்மைதான். அதற்காக ஒரு நல்ல சோப்ரானோவைப் பல வருடங்கள் ஐந்தாறு சுரங்களுக்குள் அடைத்துவைப்பது அந்தக் குரலுக்குச் செய்யும் அநீதி.

ஆண்கள் விஷயத்தில் முதல் சிக்கல் ஸ்தாயி. ஒரு பெண் பாடிக் காட்டும் மெட்டை ஆண் தன்னையறியாமல் ஒரு ஸ்தாயி கீழே பாடுவார். இருவருக்கும் ஒரே சுரம் பாடுவதாகவே தோன்றும். கீபோர்டில் C5-ஐ அழுத்தி, தானும் அதைப் பாடிவிட்டதாக நம்பி, "நான் டெனருக்கும் மேலே" என்று வருகிறவர்கள் உண்டு. உண்மையில் பாடியது C4, அது பாஸுக்கும் எட்டும். டெனருக்கான நொட்டேஷனே பல இடங்களில் ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதப்படுகிறது என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. டியூனர் செயலி இங்கே கைகொடுக்கும், பாடியவரின் குரலையே அது அளக்கிறது. கீபோர்டு திரையை நம்பினால் ஒரு எச்சரிக்கை தேவை: சில தயாரிப்புகள் நடு சி-யை C4 என்று காட்டாமல் C3 என்று காட்டும்.

இரண்டாவது சிக்கல் பெரியது. ஆண்களில் பெரும்பாலோர் டெனரும் இல்லை, பாஸும் இல்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள பாரிடோன். நான்கு பார்ட் கொயரில் அவர்களுக்கென்று தனி வரிசை கிடையாது. பாரிடோன் குரல் B3-ஐ ஒட்டிக் கனக்கத் தொடங்கி, E4-க்கு அருகில் திரும்பும். டெனருக்கு இதே இரண்டும் சுமார் D4, G4-இல் நடக்கின்றன. உயரத்தில் மெல்லிய பொய்க்குரலுக்கு மாறித் தொட்ட சுரங்களை இந்தச் சோதனையில் எண்ணக் கூடாது. முழுக்குரலில், 'ஓ' என்று, C4-இலிருந்து அரைச் சுரமாக ஏற்ற வேண்டும். E4-இல் கத்தல் தொடங்குகிறதா, G4 வரை தாக்குப்பிடிக்கிறதா என்பதே கேள்வி.

எல்லாக் கொயரிலும் டெனர்களுக்குப் பஞ்சம். அதனால் F4-ஐ எப்படியோ எட்டிவிடும் பாரிடோன்கள் டெனர் வரிசைக்குத் தள்ளப்படுகிறார்கள். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: ஒத்திகை தொடங்கும்போது சுருதி சுத்தமாக இருக்கும், அரை மணிக்குப் பிறகு மேல்சுரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும், மறுநாள் காலை பேச்சு கரகரக்கும். அவரைப் பாஸுக்கு மாற்றினால் F2, E2 போன்ற அடிச்சுரங்கள் சரியாகக் கேட்காது. கேட்காவிட்டால் போகட்டும். கீழே வராத சுரம் சும்மா மௌனமாகிவிடும், பக்கத்தில் நிற்கும் உண்மையான பாஸ் அதைப் பார்த்துக்கொள்வார். மேலே வராத சுரத்தை இழுத்தால் தொண்டை புண்ணாகும். சந்தேகம் வந்தால் பாரிடோனைக் கீழே வைப்பதுதான் பாதுகாப்பு.

ஆழமான பாஸ் குரல் அரிது. ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோவ் 1915-இல் எழுதிய 'ஆல் நைட் விஜில்' கோரஸ் படைப்பின் ஐந்தாம் பகுதி முடியும்போது பாஸ்கள் படிப்படியாக இறங்கி B1-க்கும் அரைச் சுரம் கீழே போக வேண்டும். வழக்கமான பாஸ் எல்லைக்கு அது மூன்று முழுச் சுரம் கீழே. அதைப் பாடும் குரல்களைப் பல கொயர்கள் தேடித்தான் பிடிக்கின்றன.

குரல் உடையும் வயதில் இருக்கும் பையன்களுக்கு இந்தச் சோதனை எதுவும் பொருந்தாது. இன்று ஆல்டோவில் நிற்பவன் சில மாதத்தில் பாஸில் நிற்கலாம், வாராவாரம் எது எளிதோ அதைப் பாடட்டும். மற்றவர்கள் ஒரு தாளில் தேதி போட்டு நான்கு விவரம் எழுதிவைத்தால் போதும்: தெளிவாக வந்த கடைசிக் கீழ்ச்சுரம், தெளிவாக வந்த கடைசி மேல்சுரம், குரல் திரும்பிய இடம், பத்து நிமிடம் பாடிய பிறகு பேச்சு எப்படி இருந்தது. ஆறு மாதம் கழித்து, மாலை நேரத்தில், அதே 'ஆ'வும் அதே 'ஊ'வும் வைத்து மீண்டும் பார்க்கும்போது முதல் இரண்டு எண்களும் அனேகமாக நகர்ந்திருக்கும். மூன்றாவது எண் பழைய இடத்திலேயே இருந்தால், எந்த வரிசையில் நாற்காலி போடலாம் என்பதைக் கொயர் மாஸ்டர் அப்போது முடிவு செய்யலாம்.