பூனை மீசை

பூனை மீசை ஒன்றைப் பிரிவுபசாரப் பரிசாக ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்ததாக நேயர்கள் எங்கேனும் கேள்விப்பட்டதுண்டா? சென்ற வெள்ளிக்கிழமை இரவு எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் நுனியில் மெழுகு வைத்து ஒட்டிய வெள்ளை மீசை. கொடுத்தவன் அன்று காலை பதினொன்றரை மணி வரையில் வெறும் மனிதனாக இருந்து, பிற்பகல் ஒன்றரை மணிக்கு டாக்டரானவன். ஆறு வருஷ காலம் சென்னையில் ஓர் ஆராய்ச்சிசாலையில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரன். (பூனையைத் துன்புறுத்தினோமோ என்று தாய்மார்கள் கவலைப்பட வேண்டாம். காண்டீன் பூனை தானாக உதிர்த்ததைப் பொறுக்கி வைத்ததுதான்.)

எங்கள் தொழில் புரதங்களை ஸ்படிகமாக வளர்ப்பது. ஸ்படிகத்தின் மீது எக்ஸ்ரே கிரணங்களைச் செலுத்தி, அவை சிதறும் விதத்திலிருந்து உள்ளே அணுக்கள் நிற்கும் ஒழுங்கைக் கணக்கிட்டு விடலாம். கணக்குக்கு இப்போது யந்திரம் இருக்கிறது. ஸ்படிகத்தை வளர்க்கத்தான் யந்திரத்தின் தயவு போதாது, பொறுமை வேண்டும்.

வளர்க்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு சிறு கிண்ணத்தின் அடியில் அரை மில்லி லிட்டர் கெட்டியான திரவம். அதன் மேல் கவிழ்த்த கண்ணாடி வில்லையின் உட்புறத்தில், புரதக் கரைசல் ஒரு பங்கும் அந்தத் திரவம் ஒரு பங்குமாகக் கலந்த கடுகளவு துளி தொங்கும். ஓரத்தில் கிரீஸ் தடவிக் காற்றுப் புகாமல் மூடிவிடுவோம். துளி நீர்த்தது, கீழே இருப்பது கெட்டி. ஆகையால் துளியிலுள்ள நீர் ஆவியாகி மெள்ள மெள்ளக் கீழே இறங்கும். துளி சுண்டச் சுண்டப் புரதத்துக்கு இடம் போதாமல் போகிறது. அவசரப்பட்டால் அது திரிந்த பாலைப் போலக் குழம்பிவிடும். நிதானமாக நடந்தால், நாலைந்து நாளில், கற்கண்டுத் தூள் போல ஸ்படிகம் பளிச்சிடும்.

என் நண்பனுக்குக் கிடைத்தது ஒருவகை அவரை விதையின் புரதம். இரண்டாம் வருஷமே அழகான ஸ்படிகங்கள் வந்துவிட்டன. வெறும் உப்புப் படிகமோ என்று சந்தேகித்து, ஒன்றை ஊசியால் அழுத்திப் பார்த்தோம். உப்பாயிருந்தால் நறுக்கென்று சத்தமிட்டு எதிர்த்திருக்கும். இது நுங்கைப் போல நசுங்கிற்று. அன்று எல்லோருக்கும் அவன் செலவில் காப்பி.

பிறகு ஒரு நாள் ஸ்படிகம் வருவது நின்றுவிட்டது. நான்கு மாதம்! அதே புரதம், அதே அளவு, அதே கை. துளிகள் தெளிந்த நீராக நின்றன, அல்லது குழம்பின. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ராகு காலத்தைக் கூடப் பார்க்க ஆரம்பித்தான் என்று சொன்னால் இப்போது கோபித்துக்கொள்வான்.

காரணம் ஒரு பாட்டில். அந்தக் கெட்டித் திரவத்தை, பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளைத் தண்ணீரில் கரைத்துச் செய்கிறோம். எங்களுக்கு முன்னிருந்த யாரோ கரைத்து ஜன்னலோரம் வைத்துப் போன பழைய பாட்டிலையே அவன் உபயோகித்து வந்தான். அது தீர்ந்து போனதும் புதிதாகக் கரைத்துக்கொண்டான். மேலே ஒட்டியிருந்த எழுத்து இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இந்தப் பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் கிடந்தால் பிராணவாயு அதைச் சிறிது சிறிதாகச் சிதைத்து, திரவம் புளித்துப் போகிறது. பழைய பாட்டிலின் அடியில் எஞ்சியிருந்ததை வைத்து முன்போலவே கலந்து அமிலத் தன்மையை அளந்தோம். 7.5 இருக்கவேண்டிய பி.எச். எண் 6.9 காட்டியது! அவன் எழுதி வைத்திருந்த செய்முறை ஒன்று, கிண்ணத்தில் நடந்தது வேறொன்று.

புதிய திரவத்தையே 6.9-க்குச் சரிப்படுத்திப் பார்த்தோம். ஸ்படிகங்கள் வந்தன, ஆனால் மாவு போல ஆயிரக்கணக்கில். எதற்கும் உதவாது. ஸ்படிகம் புதிதாகப் பிறப்பதற்குக் கரைசல் மிகவும் செறிந்திருக்க வேண்டும். பிறந்தது வளர்வதற்கு அவ்வளவு செறிவு வேண்டியதில்லை. அந்த இடைநிலையில் துளியை வைத்துவிட்டு, விதையை மட்டும் வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? பூனை மீசை வந்தது இதற்குத்தான். மாவு ஸ்படிகத்தை மீசை நுனியால் தொட்டு, பிறகு மறுபடி தொடாமலே வரிசையாக ஆறு துளிகளில் கோடு இழுக்க வேண்டும். முதல் துளியில் விதை ஏராளமாக விழுந்து மறுபடி மாவாகும். போகப் போக விதை குறையும். ஐந்தாவது ஆறாவது துளிகளில் இரண்டு மூன்று மட்டுமே விழுந்து, இருக்கும் புரதத்தையெல்லாம் அவையே உண்டு கொழுக்கும். அப்படித்தான் மீண்டும் பெரிய ஸ்படிகம் கண்டோம்.

இதன் பிறகுதான் எங்களுக்குள் சண்டை. ஆராய்ச்சி நூலில் அவன் 7.5 என்றே எழுதியிருந்தான். நல்ல எக்ஸ்ரே படங்கள் அத்தனையும் பழைய பாட்டில் ஸ்படிகத்திலிருந்து வந்தவை. அந்தச் செய்முறை நோட்டில் 7.5 தானே? "பாட்டில் கதையை எழுதினால் பரீட்சகர் என்னை என்னவென்று நினைப்பார்?" என்றான். "எழுதாவிட்டால் இதைப் படித்துச் செய்து பார்க்கிற பையன் நான்கு மாதம் சாப்பிடாமல் கிடப்பானே, அவன் உன்னை என்னவென்று நினைப்பான்?" என்றேன். பதினோரு நாள் பேச்சில்லை. ஒரே பெட்டியிலிருந்து கையுறை எடுத்துக்கொண்டு, ஒரே மைக்ராஸ்கோப்பை மாற்றி மாற்றி உபயோகித்துக்கொண்டு, பேசாமலிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் என் மேஜையில் ஒரு காகிதம் இருந்தது. பாட்டில் விஷயம் முழுவதும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதியிருந்தான். ஓரத்தில் பென்சிலால், "தமிழ்ப் பண்டிதரே, இங்கிலீஷைத் திருத்திக் கொடும்."

வெள்ளிக்கிழமை வாய்மொழிப் பரீட்சைக்குக் கிராமத்திலிருந்து அவன் தாயாரும் வந்திருந்தார். வெளியூர்ப் பரீட்சகர் முதலில் ராமச்சந்திரன் வரைபடத்தைப் புரட்டினார். 1963-இல் இதே சென்னையில் ஜி. என். ராமச்சந்திரனும் சகாக்களும் வெளியிட்ட அந்தப் படத்தைப் பார்த்தால், புரதச் சங்கிலி இயற்கைக்கு ஒவ்வாத விதத்தில் மடிந்திருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். அதில் குறையில்லை. பிறகு, "இந்த ஸ்படிகத்தை உம்மைத் தவிர வேறு யாராவது வளர்த்திருக்கிறார்களா?" என்று கேட்டார். என் வயிறு கலங்கியது. அவன் கடைசி வரிசையைக் காட்டி, "சென்ற மாதம் நான் ஊரில் இல்லாதபோது, நான் எழுதி வைத்ததை மட்டும் பார்த்து அவர் வளர்த்தார்" என்றான். பிறகு பாட்டில் கதையை ஒளிக்காமல் சொன்னான். பரீட்சகர் சிரித்தார். தம் பாட்டில்களையும் ஊருக்குப் போனதும் அளந்து பார்க்க வேண்டும் என்றார்.

ஸமோஸா, டீ எல்லாம் ஆயிற்று. "பாஸா?" என்று தாயார் என்னைத்தான் ரகசியமாகக் கேட்டார்.

அவன் பிரான்ஸ் தேசத்துக் கிரெனோபிலுக்குப் போகிறான். அங்கே 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலெக்ட்ரான்களை ஓடவிட்டு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வாத்தியார். அங்கே எக்ஸ்ரே யந்திரம் கிடையாது, ஜன்னலோரம் நிறைய உண்டு. நோட்டுப் புத்தகங்கள் ஆராய்ச்சிசாலைக்குச் சொந்தம். இருவரும் வைத்துவிட்டு வரவேண்டியதுதான். புதிய பாட்டிலின் மேல் "கரைத்த தேதி" என்று அவன் கையாலேயே எழுதி, வெளிச்சம் படாமலிருக்கத் தகரத் தாளைச் சுற்றினான். பிறகு, வழக்கம் விட்டுவிடக் கூடாதென்று, இரவு ஒன்பது மணிக்கு இருவருமாக ஆறு துளிகள் வைத்தோம். நான் கலந்தேன், அவன் மீசையை இழுத்தான். முடிந்ததும் அதைத் துடைத்து என்னிடம் நீட்டினான். "அங்கே நைலானில் செய்து விற்கிறார்களாம்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை இரவு விமானம் ஏறிவிட்டான். எனக்குச் செவ்வாய்க்கிழமை இரவு ரயில். அன்று மாலை பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். டெலிபோனில் "மூன்று" என்று மட்டும் அவனுக்குச் செய்தி அனுப்பினேன்.

"எந்தத் துளியில்?" என்று உடனே பதில் வந்தது.