பாறையும் தொடுவானமும்

கன்னியாகுமரிக் கரையில் முக்காலியை ஊன்றுகையில் எங்கள் பேராசை ஒன்றுதான்: காலடிப் பாறையும் தொடுவானமும் ஒரே படத்தில் தெளிய வேண்டும். அதற்கான வழி ஹைப்பர்ஃபோகல் தொலைவு. முழுச்சட்டகக் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், f/11 துளை என்றால் அது ஏறத்தாழ 1.77 மீட்டர். அங்கே குவித்தால், அதில் பாதியான 88 செ.மீ. முதல் முடிவிலி வரை தெளிவு என்கிறது கணக்கு.

இந்தத் தெளிவு ஒரு சலுகைதான். ஒரு புள்ளி உணரியில் 0.03 மி.மீ. வட்டமாகப் பரவும்வரை கண் பொறுக்கும் என்ற அனுமானம் அது. கையில் பிடித்துப் பார்க்கும் சிறு அச்சுக்குப் போதும். தொடுவானமோ அச்சலுகையின் கடைசி விளிம்பில் நிற்கிறது. அருகிலுள்ள பாறை படத்தில் பெரிதாய் விழுவதால் அதன் மங்கல் உறுத்துவதில்லை. தொலைவிலுள்ள படகுக்கு வாய்ப்பதோ சில புள்ளிகளே. சுவரளவு அச்சில் முதலில் கரைவது அதுதான்.

ஆகவே நாங்கள் இருமடங்குத் தொலைவில், மூன்றரை மீட்டரில் குவிக்கிறோம். தொடுவானத்தின் மங்கல் பாதியாகிறது, அருகெல்லை 1.18 மீட்டருக்கு நகர்கிறது. முக்காலியை ஓரடி பின்னிழுத்தால் தீர்ந்தது. துளையை f/22 வரை சுருக்கலாமே என்பார் உண்டு. அப்போது ஒளி துளையின் விளிம்பில் வளைந்து, படம் முழுவதையும் சற்றே மழுக்கிவிடும்.

எடுத்த படத்தைத் திரையில் பெருக்கும்போது நாங்கள் முதலில் தேடுவது பாறையையன்று, கடற்கோட்டை.