சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள்

போன வருசம் ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் நூற்றாண்டு மலர் ஒன்றை வடிவமைத்துத் தரச் சொல்லி எங்களிடம் வந்தது. 160 பக்கம், 500 பிரதி. நாங்கள் மூன்று பேர், ஒரு வாடகை அறை, இரண்டு கணினி. கட்டுரைகளை எழுதினவர்களிடமே காட்டித் திருத்தி முடித்துவிட்டோம். மிச்சம் மூன்றே மூன்று: அட்டை, தலைவரின் வாழ்த்துச் செய்தி, காலமான ஆசிரியர்கள், மாணவர்களின் பெயர்ப் பட்டியல். மூன்றுக்கும் செயலாளர்தான் 'சரி' சொல்லவேணும். செயலாளரோ எங்களுக்குக் கணக்குப் படிப்பிச்ச சேர்.

புரூஃபை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். நீல நிறத்தில் இரண்டு சரி விழுந்தது. பதில் இல்லை. நாலு நாளுக்குப் பிறகு, "சேர், நேரம் கிடைக்கேக்க ஒருக்காப் பாருங்கோ" எண்டு போட்டோம். திரும்பவும் நீலம். "வெள்ளிக்கிழமைக்கு முதல் சொன்னா நல்லம் சேர்" எண்டோம். வெள்ளி வந்தது, போனது. நாங்களும் ஒண்டும் சொல்லேல்ல. இரண்டு கிழமை இப்படியே ஓடிவிட்டது.

இப்போது அந்த மெசேஜுகளைத் திரும்ப வாசித்தால் பிழை எங்களிலும் இருந்தது தெரிகிறது. 'நேரம் கிடைக்கேக்க' எண்டால் அவசரமில்லை எண்டுதான் அர்த்தம். வெள்ளி போயும் நாங்கள் அசையாததால், நாங்கள் சொல்லும் நாளுக்குப் பெறுமதியில்லை எண்டு நாங்களே காட்டிவிட்டோம். 'பாருங்கோ' எண்டு கேட்டோமே தவிர, எதைப் பார்த்து என்ன முடிவு சொல்லவேணும் எண்டு ஒரு இடத்திலும் சொல்லவில்லை. படிப்பிச்ச ஆளுக்குத் திகதி வைக்கிறது மரியாதை இல்லை எண்ட கூச்சம் எங்களுக்கு.

அந்தக் கூச்சத்தை உடைத்தது அச்சக அண்ணைதான். "எனக்கு எட்டு வேலைநாள் வேணும், அதுக்குள்ள ஞாயிறும் போயாவும் சேராது" எண்டார். கலண்டரை எடுத்துப் பின்னோக்கி எண்ணினோம். விழா 28ஆம் திகதி சனிக்கிழமை. மலர் கட்டி முடிந்து வியாழன் 26ஆம் திகதி கைக்கு வரவேணும். 22 ஞாயிறு. 19 போயா. எட்டு வேலைநாளைக் கழித்தால் 17ஆம் திகதி செவ்வாய் காலை பிளேட் அடிக்கத் தொடங்கவேணும். அப்படியெண்டால் 16 திங்கள் மாலை கோப்பு அச்சகத்தில் இருக்கவேணும். அவர் சொல்லும் திருத்தத்தைச் செய்து திரும்பச் சரிபார்க்க எங்களுக்கு ஒரு முழு நாள். ஆக, 14 சனிக்கிழமை மாலை. இது எங்கட மனத்துக்கு வந்த திகதி இல்லை, விழா நாளில் இருந்து இறங்கி வந்த திகதி. அது விளங்கினவுடன் கூச்சமும் பாதி போய்விட்டது.

'ஒரு பக்கம்தானே, அதைப் பிறகு பாப்பம்' எண்டும் விட ஏலாது. மலர் பதினாறு பதினாறு பக்கமாக ஒரு போமில்தான் அச்சாகும். ஒரு பக்கம் முடிவாகாவிட்டால் கூட இருக்கிற பதினைந்தும் நிற்கும்.

10ஆம் திகதி செவ்வாய்க்கிழமை கடிதம் எழுதினோம். அனுப்ப முதல் சேருக்கு ஒரு கோல் எடுத்து, "சேர், ஒரு கடிதம் வருது, தலைவருக்கும் பொருளாளருக்கும் பிரதி போகுது" எண்டு சொன்னோம். சொல்லாமல் மேலிடத்துக்குப் பிரதி போட்டால் அது முறைப்பாடு மாதிரி ஆகிவிடும். கடிதம் இதுதான்:

"வணக்கம் சேர். 28ஆம் திகதி விழாவில் மலர் வெளியாகவேண்டுமென்றால் 16ஆம் திகதி திங்கள் மாலை கோப்பை அச்சகத்தில் கொடுக்கவேண்டும். அதற்கு, கீழுள்ள மூன்றுக்கும் 14ஆம் திகதி சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் உங்கள் முடிவு எழுத்தில் தேவை.

ஒன்று, அட்டை. அ, ஆ இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் கூட்டத்தில் பலரும் விரும்பிய 'அ' அச்சாகும்.

இரண்டு, தலைவரின் செய்தி, 200 சொற்கள். வராவிட்டால் அந்தப் பக்கத்தில் பழைய பாடசாலைக் கட்டடத்தின் படம் வரும்.

மூன்று, பெயர்ப் பட்டியல், 43 பெயர்கள். உங்கள் கையொப்பம் இல்லாமல் இதை நாங்கள் அச்சிடமாட்டோம். வராவிட்டால் மலரில் இந்தப் பட்டியல் இடம்பெறாது. பின்னர் தனித்தாளாக அச்சிடலாம், அதன் செலவு மேலதிகம்."

மூன்றாவதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. 'பதில் வராவிட்டால் சம்மதம் என எடுத்துக்கொள்வோம்' எண்டு மூன்றுக்கும் ஒரே வரி போட்டால் வேலை சுகம் எண்டான் எங்களில் ஒருவன். அட்டைக்கு அது பொருந்தும். பிடிக்காவிட்டாலும் ஒருவருக்கும் காயமில்லை. ஆனா போரில் போன பெடியளின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஒரு பெயர் பிழையாக வந்தால், அல்லது உயிரோடு இருக்கலாம் எண்டு வீட்டில் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தரின் பெயர் அதில் வந்தால், 'நீங்கள் பதில் போடேல்லையே' எண்டு சொல்லி நாங்கள் தப்பமுடியாது. மௌனத்தைச் சம்மதமாக எடுக்கக்கூடிய இடமும் இருக்கு, எடுக்கக்கூடாத இடமும் இருக்கு.

வியாழன் வரை பதில் இல்லை. வெள்ளி காலை அட்டை இரண்டையும் பெயர்ப் பக்கத்தையும் மட்டும் பெரிய எழுத்தில் தாளில் எடுத்துக்கொண்டு சேர் வீட்டுக்குப் போனோம். அப்பதான் விசயம் விளங்கியது. 160 பக்கப் பி.டி.எஃபை அவர் போனில் திறந்திருக்கிறார். எழுத்துத் தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கம். பட்டியலில் வேறு இரண்டு பெயர் அவருக்கு நிச்சயமில்லை.

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டு, நாளைக்கு அந்தத் தாய் வந்து கேட்டா என்ன சொல்லுறது?" எண்டார்.

இரண்டு கிழமை நாங்கள் அலட்சியம் எண்டு நினைத்தது அதுதான். 43 பேரையும் ஒரே மூச்சில் கேட்காமல், "41 பெயருக்கும் இண்டைக்கு ஒப்பம் வையுங்கோ சேர். மற்ற ரெண்டையும் நாளைக்கு ஆறு மணிக்குள்ள விசாரிச்சுச் சொல்லுங்கோ. இல்லாட்டி அந்த ரெண்டும் வராது" எண்டோம். பேனை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். மூன்று எழுத்துப்பிழை பிடித்தார். அட்டையில் 'ஆ'வுக்குச் சுழி போட்டார். நாங்கள் கூட்டத்தில் விரும்பினது எண்டு நினைச்சது 'அ'. கேட்காமல் அச்சிட்டிருந்தால் அதுவும் பிழை.

சனிக்கிழமை ஐந்தேகாலுக்கு ஒரு படம் வந்தது. அதே தாள், கீழே ஒப்பம். ஒரு பெயர் சேர்க்கச் சொல்லி, மற்றது வெட்டி. வெட்டினதற்குக் காரணம் எழுதியிருக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தலைவரின் செய்தி வரவில்லை. ஆறு மணிக்குக் கட்டடத்தின் படத்தை வைத்து மூடினோம். ஞாயிறு இரவு வெளிநாட்டில் இருந்து அவர் கோல் எடுத்து, "ஒரு நாள் பொறுக்க ஏலாதோ?" எண்டு கேட்டார். அண்டைக்கு ஓம் எண்டிருந்தால் செவ்வாய்க்கிழமையும் கேட்டிருப்பார். கடிதத்தையும் கலண்டரையும் சொன்னோம். கோபத்தோடுதான் வைத்தார். அடுத்த வேலை அவரிடமிருந்து வராது எண்டும் விளங்கியது. மலர் வியாழன் பின்னேரம் வந்தது.

இப்ப எங்கட விலைக்கோரலில் ஒரு வரி கூடுதலாக இருக்கு. புரூஃபை ஆர் பார்ப்பார், எந்த நாளுக்குள், தாளிலா போனிலா. முதல் நாளே கேட்டு எழுதிவிடுகிறோம்.