கை நடுங்கறதுக்கு முன்னாடியே

அப்பாவுக்கு நடுக்குவாதம் எப்ப வந்துச்சுன்னு யாராவது கேட்டா, 2021 தை மாசம்னுதான் நாங்க சொல்லிட்டு இருந்தோம். திண்ணையில உட்கார்ந்து டிவி பார்த்துட்டு இருந்தாரு. மடியில சும்மா கிடந்த வலது கை, விரல் நடுவுல மாத்திரையை உருட்டற மாதிரி தானா ஆடுச்சு. காபி டம்ளரை எடுத்தா நின்னுரும். டம்ளரைக் கீழ வெச்சா மறுபடி ஆடும். அப்ப அவருக்கு 69 வயசு.

டவுன்ல ஒரு டாக்டர் பார்த்துட்டு ரெண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. ஒண்ணு லெவோடோபா கலந்தது, மூணு வேளை. இன்னொண்ணு நடுக்கத்துக்குன்னு, ட்ரைஹெக்ஸிஃபெனிடில். கை ஓரளவுக்கு அடங்குச்சு. எங்களுக்கு அது போதும்னு தோணுச்சு.

நாலு மாசத்துல அப்பா வேற ஆளாயிட்டாரு. நாலு நாள், அஞ்சு நாளுக்கு ஒருக்காதான் வெளிக்கிப் போவாரு. கேள்வி கேட்டா பதில் வராது. மஞ்சள் வியாபாரி வந்து, "என்னங்க, குவிண்டால் என்ன வெலைக்குத் தர்றீங்க?"ன்னு கேட்டா அவர் முகத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாரு. முப்பது வருசமா தோட்டக் கணக்கை மனசுலயே போடற மனுசன். அவருக்கு மூளை மங்கிடுச்சுன்னு நாங்களே முடிவு பண்ணி, கணக்கு நோட்டை நான் வாங்கிக்கிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லலை. அதுவும் நோயோட ஒரு பங்குன்னு எனக்கு அப்பத் தெரியாது.

அப்புறம் தெரிஞ்சவங்க சொல்லி, தூரத்துல இருக்கற ஒரு நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் கையைப் பார்க்கறதுக்கு முன்னாடி அம்மாவைப் பார்த்து மூணு கேள்வி கேட்டாரு. மலச்சிக்கல் எத்தனை வருசமா இருக்கு? தூக்கத்துல கத்துவாரா, கை காலை வீசுவாரா? வாசனை தெரியுதா?

அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சொல்லுச்சு: "தூக்கத்துல கத்தறது எட்டு வருசமா இருக்குங்க. கடலைக்காட்டுல பன்னி பூந்துட்ட மாதிரி வெரட்டுவாரு. ஒருநாள் என் தோள்பட்டையில உதைச்சுட்டாரு. முனி அடிச்சிருக்கும்னு கயிறு கட்டினோம்." மலச்சிக்கல் அதுக்கும் முன்னாடியே இருந்திருக்கு. சோறு அடிப்பிடிச்சது பக்கத்துல இருந்தும் தெரியலைன்னு அப்பாவை எத்தனை தடவை திட்டியிருக்கோம்!

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி எழுதறேன். கனவு வர்ற தூக்கத்துல நம்ம உடம்பை மூளை கட்டிப்போட்டு வெச்சிருக்கும். அதனாலதான் கனவுல ஓடினாலும் கட்டில்லயே கிடக்கறோம். இந்த நோயில மூளைத்தண்டுல அந்தக் கட்டு அவிழ்ந்துரும். கனவுல பன்னியை வெரட்டினா கட்டில்லயும் வெரட்டுவாங்க. குடலுக்கும் மூக்குக்கும் போற நரம்புகள்லயும் இதே கெடுதல் சீக்கிரமே நடக்கும். கை நடுங்கறதெல்லாம் டோபமைன் சுரக்கற செல்கள்ல பாதியோ அதுக்கு மேலயோ போன பிறகுதான். ஆக, அப்பாவுக்கு நோய் வந்தது 2021-ல இல்லை. 2021-ல எங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

மலச்சிக்கல் இருக்கறவங்க எல்லாம் பயந்துடாதீங்க. ஊர்ல பாதிப் பேருக்கு அது இருக்கு, அதை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா நடு வயசுக்கு மேல ஒருத்தர் கனவை அப்படியே நடிச்சுக் கை கால் வீசறாருன்னா, கயிறு கட்டறதோட நிறுத்தாம ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்கறது நல்லது.

மங்கிப்போன மூளை விசயத்துக்கு வர்றேன். டாக்டர் முதல்ல கை வெச்சது அந்த நடுக்க மாத்திரையிலதான். ட்ரைஹெக்ஸிஃபெனிடில் நடுக்கத்தைக் குறைக்கும். ஆனா வயசானவங்களுக்குக் குடலை இன்னும் மந்தமாக்கும், ஞாபகத்தையும் கலக்கும். அதை ஒரேயடியா நிறுத்தாம சில வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு எடுத்தாரு. எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொன்னாரு. லெவோடோபாவைத் திடீர்னு விட்டா உயிருக்கே ஆபத்தாகலாமாம்.

ரெண்டாவது, வயிறு. லெவோடோபா உடம்புல ஏறறது சிறுகுடல்ல. இரைப்பையும் குடலும் மந்தமா இருந்தா மாத்திரை அங்க போய்ச் சேரவே நேரமாகும். கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு மோட்டாரை மாத்தி என்ன பண்றது, வாய்க்கால்ல இல்ல அடைப்பு! தண்ணியில கரைச்சுக் குடிக்கற ஒரு மலமிளக்கிப் பவுடர் தினமும் ராத்திரிக்குக் கொடுத்தாரு. இசப்கோல் நாங்க ஏற்கெனவே கொடுத்துட்டுத்தான் இருந்தோம், ஆனா அரை டம்ளர் தண்ணியில. தண்ணி பத்தலைன்னா அதுவே உள்ள கெட்டியாயிக்குமாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடச் சொன்னாரு. பருப்பு, முட்டை, பால்ல இருக்கற புரதம் அந்த மருந்தோட போட்டி போட்டு அதைத் தடுக்கும். நாங்க இத்தனை நாள் பால்லதான் மாத்திரை கொடுத்துட்டு இருந்தோம்.

இன்னொண்ணும் சொன்னாரு. வாந்தி, குமட்டல்னு எங்க போனாலும் மெட்டோகுளோப்ரமைடு மட்டும் போட வேண்டாம், அது டோபமைனைத் தடுத்து நோயைக் கூட்டும்னு. அந்தப் பேரை ஒரு அட்டையில எழுதி அப்பா சட்டைப்பையில வெச்சிருக்கோம்.

தூக்கத்துக்கு முதல் வைத்தியம் மாத்திரை இல்லை. கட்டிலை எடுத்துட்டு, தரையில மெத்தை போட்டோம். பக்கத்துல இருந்த இரும்புப் பெட்டியையும் சொம்பையும் நகர்த்தினோம். அம்மா தள்ளிப் படுத்துக்குது.

ரெண்டு மாசத்துல ரெண்டு நாளைக்கு ஒருக்கா வெளிக்கிப் போக ஆரம்பிச்சாரு. காலை மாத்திரை முன்னைவிடச் சீக்கிரம் வேலை செஞ்சுது. கை கொஞ்சம் கூட ஆடுது, பரவால்ல. வாசனை திரும்பலை, அது திரும்பாதுன்னு டாக்டர் முதல்லயே சொல்லிட்டாரு. எதுலயும் ஒட்டாம இருந்ததுக்குத் தனியா ஒரு மாத்திரை, பாதிக் குணம். "அழறாரா, இல்ல சும்மா இருக்காரா?"ன்னு டாக்டர் கேட்டது ஞாபகம் இருக்கு. துக்கம் வேற, எதையும் தொடங்கத் தோணாத நிலை வேற. ரெண்டும் இந்த நோயில வரும். ரெண்டாவதுக்கு மாத்திரையைவிட, "வாங்கப்பா, மாட்டுக்குத் தண்ணி காட்டலாம்"னு கையைப் பிடிச்சு எழுப்பறதுதான் அப்பாவுக்கு உதவுது.

நெனப்பு மட்டும் இன்னும் மெதுவாத்தான் வருது. ஆனா மெதுவு வேற, மறதி வேறன்னு டாக்டர் காட்டினாரு. அஞ்சு வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டாரு. ரெண்டுதான் வந்துச்சு. "ஒண்ணு மரம்"னு குறிப்புக் கொடுத்ததும் "புளிய மரம்"னாரு. இப்படி மீதியும் வந்துச்சு. உள்ள இருக்கு, எடுத்துக் கொடுக்கத்தான் நேரமாகுது. "கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. நீங்க பதில் சொல்லிடாதீங்க"ன்னாரு.

போன மாசம் மஞ்சள் வியாபாரி வந்தாரு. வெலை கேட்டாரு. நான் வாயை மூடிக்கிட்டு எண்ணினேன். ஏழு, எட்டு. வியாபாரி என் பக்கம் திரும்பினாரு. நான் அப்பாவையே பார்த்தேன்.

"போன வாரம் நீ பக்கத்துத் தோட்டத்துல குவிண்டாலுக்கு ஐநூறு சேர்த்துக் கொடுத்தியே கண்ணு"ன்னாரு அப்பா, மெதுவா.

கணக்கு நோட்டை அன்னிக்கே அவர்கிட்டத் திருப்பிக் கொடுத்துட்டேன். எழுத்து ரொம்பப் பொடியா, வரி போகப் போக இன்னும் சிறுசா இருக்கு. கூட்டல் சரியா இருக்கு.