ஏழு கமா ஒன்று

ஜெர்மனியில் சர்க்கரை அளவுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. டார்ட்மண்டில் 146 என்று அச்சாகும் அதே ரத்தத்துக்கு நான் இருக்கும் லைப்சிக்கில் 8,1 என்று தாள் வரும். நாடு இரண்டாக இருந்த காலத்தில் கிழக்கு ஜெர்மனி மில்லிமோல் கணக்குக்கு மாறியது. மேற்கு, மில்லிகிராமை விடவில்லை. 1990-இல் நாடு ஒன்றானது. ஆய்வகங்களில் அந்தக் கோடு இன்னும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து அம்மா எங்களோடு தங்க வந்தபோது, அவர் வந்து இறங்கியது கோட்டுக்குக் கிழக்கே.

இங்குள்ள குடும்ப மருத்துவர் ரத்தம் எடுத்து அனுப்பினார். இரண்டு பக்கத்தில் முடிவு வந்தது. அம்மாவை இருபது வருடமாகப் பார்த்துவரும் டாக்டர் கும்பகோணத்தில் இருக்கிறார், மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். தாளைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் தமிழில் எழுதித் தருகிறேன், அதன் பிறகு டாக்டரிடம் காட்டு என்று சொல்லியிருந்தேன். அதற்குள் அவனிடமிருந்து போன் வந்துவிட்டது.

"அக்கா, எச்.பி. ஏழுன்னு போட்டிருக்கே. ரத்தம் ஏத்தணுமா? அம்மா நடமாடுறாங்களா இல்லையா?"

அவன் பயந்ததில் தவறே இல்லை. நம் ஊரில் ஹீமோகுளோபின் ஏழு என்றால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, ரத்தம் தர ஆள் தேடுவார்கள். தாளில் இருந்தது 7,1 mmol/l. நம் ஊர்க் கணக்கில் அது 11.4 கிராம். கொஞ்சம் சோகை இருக்கிறது, அவ்வளவுதான். அம்மா அப்போது அடுப்படியில் நின்று ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து இந்தத் தாள்களை நான் ஒரு கேள்வியோடுதான் அணுகுகிறேன்: மாற்றாமல் அப்படியே படித்தால், இந்த எண் நம்பும்படி இருக்கிறதா? சர்க்கரை 8,1 என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். மில்லிகிராமில் எட்டு என்றால் ஆள் மயங்கிக் கிடப்பார், ஆகவே எங்கோ கணக்கு வேறு என்று கேட்கத் தோன்றும். கிரியேட்டினின் 97 என்பதையும் எவரும் நம்ப மாட்டார்கள். நமக்குப் பழக்கம் ஒன்று, ஒன்றரை. மூன்று மாதச் சர்க்கரையான எச்.பி.ஏ.1.சி. 58 என்றாலும் அப்படித்தான். நம்ப முடியாத எண் தானாகவே நம்மை நிறுத்திவிடும். ஹீமோகுளோபின் மட்டும் இரண்டு கணக்கிலும் நம்பக்கூடிய எண்ணாக விழுகிறது. அலகைப் பார்க்காமல் படித்தால், இல்லாத நோயை அது காட்டும்.

தம்பி அடுத்து கேட்டது, ஒரே எண்ணால் பெருக்கினால் எல்லாம் வந்துவிடாதா என்று. வராது. மில்லிகிராம் என்பது எடை. மில்லிமோல் என்பது எத்தனை மூலக்கூறு இருக்கிறது என்ற எண்ணிக்கை. ஒவ்வொரு பொருளின் மூலக்கூறுக்கும் எடை வேறு என்பதால் பெருக்கும் எண்ணும் வேறாகிறது. குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180; எனவே லிட்டருக்கு ஒரு மில்லிமோல் என்றால் 180 மில்லிகிராம், நாம் பேசும் டெசிலிட்டருக்கு 18. அம்மாவின் 8,1-ஐ 18-ஆல் பெருக்கினால் 146. கிரியேட்டினினை மைக்ரோமோலில் தருகிறார்கள். அதை 88.4-ஆல் வகுக்க வேண்டும். 97 என்பது 1.1 ஆகிறது. ஹீமோகுளோபினில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த மூலக்கூறு நான்கு பாகம் சேர்ந்தது. ஆய்வகம் எண்ணுவது முழு மூலக்கூறை இல்லாமல் ஒற்றைப் பாகத்தை. அதனால்தான் பெருக்கும் எண் 1.61 என்று சிறியதாக இருக்கிறது. முழு மூலக்கூறை எண்ணினால் அதைப் போல நான்கு மடங்கு ஆகியிருக்கும். எச்.பி.ஏ.1.சி.க்கோ பெருக்கல் மட்டும் போதாது. நமக்குப் பழகிய சதவீதம் வந்த பழைய முறை, வேறு சிலவற்றையும் சேர்த்து அளந்துவிட்டது. எனவே 58-ஐ 0.0915-ஆல் பெருக்கி, அதோடு 2.15 கூட்ட வேண்டும். 7.5 சதவீதம் வருகிறது.

போட்ட கணக்கு சரியா என்று பார்க்க வெளியே போக வேண்டியதில்லை, தாளுக்குள்ளேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அந்த ஆய்வகத்தின் இயல்பு எல்லை அச்சாகியிருக்கும். அம்மாவின் ஹீமோகுளோபின் வரியில் 7,4 முதல் 9,9 வரை என்று இருந்தது. அதாவது பெண்களுக்கு 12 முதல் 16 கிராம். அம்மாவின் எண் கீழ் எல்லைக்குச் சற்றே கீழே நிற்கிறது என்பது, ஒரு பெருக்கலும் போடாமலே தெரிந்துவிடும். இன்னொரு சோதனை ஹெமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடித்திருக்கும் பங்கு. கிராமில் சொன்ன ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் பெரும்பாலும் இந்தப் பங்கின் சதவீதம் கிட்டத்தட்ட வரும். தாளில் 0,34 என்று இருந்தது; 34 சதவீதம். 11.4 பெருக்கல் மூன்று 34. உண்மையிலேயே ஏழு கிராம்தான் என்றால் 21 பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். தம்பியிடம் இதைச் சொன்னதும்தான் அவன் குரல் இறங்கியது.

தட்டணு வரியைப் பார்த்து அவன் வேறொன்று கேட்டான். "அம்மாவுக்கு லிவர் 212-ஆ?" அங்கே அச்சாகியிருந்தது 212 Gpt/l. நம் ஊர்த் தாளில் SGPT என்பது கல்லீரல் நொதி. இந்தத் தாளில் Gpt என்பது அலகு, அதிலுள்ள G கிகா என்ற நூறு கோடியின் சுருக்கம். லிட்டருக்கு அத்தனை நூறு கோடி அணுக்கள். லிட்டரை விட்டு, நாம் எண்ணும் கன மில்லிமீட்டருக்கு வந்தால் 212 ஆயிரம். டெங்குக் காலம் வந்தால் தமிழ்நாட்டில் பிளேட்லெட் லட்சத்தில் பேசாத வீடு கிடையாது. ரெண்டே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி என்றேன், உடனே புரிந்தது. கல்லீரல் நொதி வேறு பக்கத்தில், ALAT என்ற பெயரில், 0,52 µkat/l என்று ஒளிந்திருந்தது. இந்த அலகை அறுபதால் பெருக்கினால் நம் யூனிட் வரும். 31. சரியாகவே இருக்கிறது.

அவன் விட்டுவிட்டுப் போன ஒரு குறி என்னை அதிகம் உறுத்தியது. சர்க்கரை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. அத்தை அதைப் பார்த்து, சுகர் ஒரு பிளஸ் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாராம். நம் ஊரில் சிறுநீர்ப் பரிசோதனையில்தான் ஒரு பிளஸ், ரெண்டு பிளஸ் வரும். இங்கே அந்தக் குறிக்கு எல்லையைத் தாண்டி மேலே என்று மட்டுமே பொருள். கழித்தல் குறி போட்டால் எல்லைக்குக் கீழே. எவ்வளவு தாண்டியது என்பதை அந்தக் குறி சொல்வதில்லை. ஆகவே எழுதித் தரும்போது குறியை அப்படியே நகல் எடுக்காமல் 'மேல்', 'கீழ்' என்று எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அன்று இரவு உட்கார்ந்து அட்டவணை ஒன்று போட்டேன். முதல் கட்டத்தில் பரிசோதனையின் பெயர், நம் ஊர்த் தாளில் எப்படி வருமோ அப்படி. கிரியேட்டினினுக்கும் பிளேட்லெட்டுக்கும் நல்ல தமிழ்ச் சொல் தேடுவது டாக்டருக்கு உதவாது. அவருக்குப் பழகிய பெயர்தான் உதவும். இரண்டாம் கட்டத்தில் ஜெர்மன் தாளின் எண்ணும் அலகும், கமா உட்பட அச்சு அசலாக. மூன்றாம் கட்டத்தில் மாற்றிய எண், நம் அலகில். நான்காம் கட்டத்தில் இயல்பு எல்லை, அதுவும் மாற்றப்பட்டு. அசல் எண்ணை வைத்துக்கொள்வதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மாற்றிய எண் மட்டும் போனால், கணக்கில் தவறு நேர்ந்தாலும் அதைக் கண்டுபிடிக்க யாருக்கும் வழி இருக்காது. அம்மாவுக்குத் தனியாக ஒரு தாளில் பெரிய எழுத்தில் மூன்றே வரி: சர்க்கரை கூட, ரத்தம் கொஞ்சம் குறைவு, கல்லீரல் சரி. டாக்டரின் தாளும் நோயாளியின் தாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எதிர்த் திசையிலும் இதே அக்கறை வேண்டும். அம்மா கொண்டுவந்த பழைய ரிப்போர்ட்டுகளை இங்குள்ள மருத்துவருக்கு ஜெர்மனில் எழுதித் தந்தேன். அங்கே தட்டணு 2,12,000 என்று இருந்தால் நான் 212 என்று எழுதி, Gpt/l சேர்ப்பேன். லட்சத்துக் கமா ஜெர்மன் கண்ணுக்குத் தசமப் புள்ளி. நம் ஊர் 1.1-ஐ 1,1 என்று எழுதுவேன். ஜெர்மனில் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்க வருவது, 7.800 என்று எழுதினால் ஏழாயிரத்து எண்ணூறு. பி.பி.பி.எஸ். என்ற நான்கெழுத்துக்கு நேராகச் சுருக்கம் தேடாமல், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது என்று முழு வாக்கியமாகவே எழுதிவிடுவேன். நேரம் தெரியாத சர்க்கரை எண்ணை இங்கே மருத்துவர் ஒதுக்கி வைத்துவிடுகிறார், அது நியாயமும் கூட.

கணக்கால் தீராத ஒன்றும் உண்டு. அலகை மாற்றினால் எண் மாறும், அளந்த முறை மாறாது. ஒரே நாளில் எடுத்த ரத்தமே இரண்டு ஆய்வகத்தில் நொதி எண்ணைக் கொஞ்சம் வேறாகக் காட்டலாம். அதனால் கும்பகோணத்து 28-க்கும் லைப்சிக்கின் 31-க்கும் நடுவே இருக்கும் மூன்றைப் பார்த்து, ஏறிவிட்டது என்று நான் எழுதுவதில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் எல்லையோடு வைத்துத் தருகிறேன்.

டாக்டர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, மாத்திரையைத் தொடவில்லை. எச்.பி.ஏ.1.சி. 7.5 இருக்கிறது, ஆனால் எச்.பி.யும் குறைவு, சிவப்பணுவின் அளவும் சிறியதாக 76 என்று இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் எச்.பி.ஏ.1.சி. உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம், முதலில் ஃபெரிட்டின் பாருங்கள் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினார். பார்த்தோம். லைப்சிக்கில் அது µg/l என்று வந்தது. நம் ஊரில் ng/ml. இரண்டும் அதே அளவு, எண் மாறுவதில்லை. ஆனாலும் மூன்றாம் கட்டத்தில் அதே எண்ணைத் திரும்ப எழுதினேன். காலியாக விட்டிருந்தால், இதையும் மாற்ற மறந்துவிட்டாள் அக்கா என்று தம்பி ஏதாவது ஒரு எண்ணால் பெருக்கிப் பார்த்திருப்பான்.