பேப்பர் கட்டிங் திரையில் நகரும் விதம்

பணி நிறைவு விழாவுக்கான வாழ்க்கைக் குறிப்பு வீடியோவில் பழைய செய்தித்தாள் துணுக்குகளும் சான்றிதழ்களும்தான் சாட்சிகள். இவற்றை எடிட்டர்கள் கையாளும் முறையை மதுரையின் சிறிய எடிட்டிங் கூடம் ஒன்றில் பார்க்க முடிந்தது. ஓய்வுபெறும் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரைப் பற்றிய வீடியோ அங்கே தயாராகிக்கொண்டிருந்தது.

வேலை ஸ்கேனரில் தொடங்குகிறது. செய்தித்தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும். துணுக்கின் மேல் கறுப்புத் தாள் ஒன்றை வைத்து மூடியை இறக்கினால் அது பெரிதும் மறைந்துவிடும். அச்சுப் படத்தின் புள்ளிகள் ஸ்கேனில் அலை அலையான கோலமாக மாறுவதும் உண்டு. ஸ்கேனர் மென்பொருளிலுள்ள Descreen வசதி அதைக் குறைக்கும்.

எவ்வளவு நெருங்கிக் காட்டலாம் என்பதை ஸ்கேன் அளவே முடிவு செய்கிறது. ஆசிரியரின் துணுக்கு 16 செ.மீ. அகலம், நான்கு பத்திகள். 600 dpi-யில் எடுத்தால் அகலம் சுமார் 3,780 பிக்சல் வரும். வீடியோவின் அகலம் 1,920 பிக்சல்தான். எனவே இரண்டு பத்திகள் திரையை நிறைக்கும் வரை எழுத்து கூர்மையாக இருக்கும். அதற்கு மேல் நெருங்கினால் கலங்கும். ஒரே பத்தியைத் திரை முழுக்கக் காட்ட 1200 dpi வேண்டும்.

அடுத்தது அசைவு. முதலில் முழுத் துணுக்கும் பத்திரிகைப் பெயரோடும் தேதியோடும் இரண்டு விநாடி நிற்கிறது. பிறகு மெல்ல நெருங்கி, ஆசிரியரின் பெயருள்ள வரியில் நிற்கிறது. புறப்படும்போதும் நிற்கும்போதும் வேகம் படிப்படியாக மாற, இரு முனைகளிலும் Easy Ease தரப்படுகிறது. அந்த வரியின் மேல் மஞ்சள் பட்டை இடமிருந்து வலமாக ஓடுகிறது. பட்டையை Multiply முறையில் வைத்தால்தான் எழுத்தின் கறுப்பு மங்காது. பட்டையைத் துணுக்கோடு Parent வழியாக இணைக்காவிட்டால், படம் நகரும்போது மஞ்சள் வரியை விட்டு விலகிப்போகும். நின்ற வரியை நிதானமாக இரண்டு முறை வாசிக்கும் நேரம் அப்படியே விட வேண்டும். அரங்கின் கடைசி வரிசையில் முதியவர்களும் இருப்பார்கள்.

சான்றிதழின் சிக்கல் வேறு. பொன்னிற முத்திரை ஸ்கேனரில் பெரும்பாலும் கறுத்துத் தெரியும். அழுத்து முத்திரை தெரியாமலே போகும். அவற்றைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கேமராவால் எடுப்பதே சரி. ஓரத்திலுள்ள நுண்கோட்டுப் பூவேலை மெதுவான நகர்வில் மினுமினுக்கும். அந்த ஓரத்துக்கு மட்டும் லேசான Gaussian Blur கொடுத்தால் அடங்கிவிடும்.

மங்கிய தலைப்பைப் புதிதாகத் தட்டச்சு செய்து ஒட்டுவதும் தேதியை வெட்டிவிடுவதும் கூடாது. அப்படிச் செய்தால் ஆவணம் வெறும் அலங்காரமாகிவிடும். பிறந்த தேதி, பதிவு எண் போன்ற சொந்த விவரங்களை மட்டுமே மறைக்க வேண்டும்.